‘ஒண்ணும் ஆகாது’ போதாது

தமிழ்நாட்டில் தலைப்பிரசவம் என்றால் பெரும்பாலும் பெண்ணின் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்ததும் இரண்டு கையும் நிறைந்த கண்ணாடி வளையல்களோடு அவளை அழைத்துப் போய்விடுகிறார்கள். அம்மா பக்கத்தில் இருப்பாள், வேளைக்குச் சாப்பாடு வரும், மாமியார் வீட்டு வேலையிலிருந்து விடுதலை என்று இந்த வழக்கத்துக்கு நல்ல காரணங்கள் உண்டு. சிக்கல் ஒன்றும் உண்டு. பிரசவத்தைப் பற்றிய பயம் ஏறிக்கொண்டே போவது கடைசி இரண்டு மாதங்களில். அந்த இரண்டு மாதமும் கணவன் ஓசூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்கிறான், மனைவி ஊரில் இருக்கிறாள். இருவருக்கும் நடுவில் இருப்பது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஒரு போன் மட்டும்.

அந்த போனில் கேட்கப்படும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். சாப்டியா, மாத்திரை போட்டியா, குழந்தை அசையுதா. எல்லாவற்றுக்கும் “ம்” என்பது பதில். நடுவில் ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி, “பயமா இருக்குங்க” என்கிறாள். அவன் உடனே, “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு” என்கிறான். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை சொல்கிறாள். அதே பதில். மூன்றாம் முறை அவள் சொல்வதில்லை.

வீட்டிலும் சொல்ல முடியாது. “செத்துப் போயிடுவேனோன்னு இருக்கும்மா” என்று ஆரம்பித்தால், “வாயக் கழுவு, நல்ல நேரத்துல இப்படியா பேசுவ” என்று அம்மா அடக்கிவிடுவாள். சொன்ன வார்த்தை பலித்துவிடுமோ என்ற பயம் அம்மாவுக்கு. ஆனால் எதிர்வீட்டு அத்தை வந்து உட்கார்ந்து, தனக்கு ரெண்டு நாள் வலி எடுத்ததையும், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்ததையும், ரத்தம் ஏற்றியதையும் காபி ஆறும்வரை விவரிக்கலாம். அதற்கு யாரும் வாயைக் கழுவச் சொல்வதில்லை. பெற்றவளின் திகில் கதைக்கு இடமுண்டு, பெறப்போகிறவளின் பயத்துக்கு இடமில்லை. இந்த வினோதம் நம் வீடுகளில் வெகுகாலமாக இருக்கிறது.

இந்த பயத்தை மருத்துவம் இன்று நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. பிரெஞ்சு மனநல மருத்துவர் லூயி விக்டோர் மார்ஸே 1858-லேயே, முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் தெரியாத வலியை நினைத்து அனுபவிக்கும் கலக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கொஞ்சம் பயம் எல்லோருக்கும் இருக்கும். அது தூக்கத்தையும் அன்றாட வாழ்க்கையையும் கெடுக்கும் அளவுக்குப் போவது சிலருக்கு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று, கர்ப்பிணிகளில் சுமார் 14 சதவீதத்தினருக்குக் கடுமையான பயம் இருப்பதாகச் சொல்கிறது.

பயம் மனதோடு நின்றுவிடுவதில்லை. கர்ப்பப்பையைச் சுருங்கி விரிய வைப்பது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பயந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. ஓடு அல்லது சண்டை போடு என்று உடம்பைத் தயார் செய்யும் ஹார்மோன் அது. ரத்தம் கை கால்களுக்குத் திரும்புகிறது, தோளும் தாடையும் இடுப்பும் இறுகுகின்றன, கர்ப்பப்பையின் சீரான சுருக்கம் தளர்கிறது. கன்று ஈன இருக்கும் மாடு பக்கத்தில் நாய் வந்தால் எழுந்து வேறிடம் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கும் இதுதான் காரணம். இறுகிய உடம்பில் வலி கூடுதலாகத் தெரியும், வலி கூடினால் பயம் கூடும். இந்தச் சுழலை இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930-களிலேயே பேசத் தொடங்கிவிட்டார்.

இது எவ்வளவு தூரம் உண்மை என்று நார்வேயில் 2,206 பெண்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில், மற்றக் காரணங்களையெல்லாம் கழித்த பிறகும், கடும் பயம் உள்ளவர்களுக்குப் பிரசவ நேரம் சராசரியாக 47 நிமிடம் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் இன்னொரு விவரம் உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பயந்தவர்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு அறுவை இல்லாமலேயே குழந்தை பிறந்தது. பயம் வேலையை இழுத்தடிக்கும், கெடுத்துவிடாது. ‘நீ பயந்தால் குழந்தைக்கு ஆகாது’ என்று மிரட்டி, பயத்தைப் பற்றியும் ஒரு பயத்தைக் கிளப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உறவில் ஒரு தம்பதி. பெண்ணுக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஊர், அவனுக்கு ஓசூரில் ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. முப்பத்தாறாவது வாரத்தில் ஒரு ராத்திரி, போனில் அவள் பேசாமல் அழுதிருக்கிறாள். அன்றைக்கு ஏனோ அவனுக்கு வழக்கமான பதில் வாயில் வரவில்லை. “எதை நினைச்சா ரொம்ப பயமா இருக்கு?” என்று கேட்டிருக்கிறான். தற்செயலாகக் கேட்டதுதான். ஆனால் மனநல ஆலோசகர்கள் தொடங்குவதும் இந்தக் கேள்வியில்தான். ‘பிரசவ பயம்’ என்பது நாலைந்து பயங்கள் ஒன்றாகத் திரண்டது. மொத்தமாக நின்றால் எந்த ஆறுதலும் அதில் ஒட்டாது. பிரித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலோ, பதில் சொல்லக்கூடிய ஆளோ உண்டு.

அவள் முதலில் சொன்னது வலியை அல்ல. “உள்ள கை விட்டு செக் பண்ணுவாங்களாமே, மறுபடி மறுபடி. அதை நினைச்சாத்தான்...” என்றாள். அடுத்தது, “கத்தினா திட்டுவாங்களாம். அடிப்பாங்கன்னுகூட சொல்றாங்க.” வலி மூன்றாவதாகத்தான் வந்தது. கடைசியில் வெகுநேரம் கழித்து, சாவு.

உள்பரிசோதனை எதற்கு என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரல்களால் தொட்டுத்தான் அறிய முடியும். பிரசவம் வேகம் பிடித்த பிறகு, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தால், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ‘தொடுவதற்கு முன் சொல்லுங்க, வலி விட்டதும் பாருங்க’ என்று கேட்பது அவள் உரிமை. பெரும்பாலான சிஸ்டர்கள் இதற்குச் சரி என்பார்கள். யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான். வலியின் நடுவில் அவளே கேட்பது கஷ்டம். ஆகவே கூட இருப்பவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த உள்பரிசோதனை பயம் சிலரிடம் மிகக் கடுமையாக இருக்கும். ஸ்கேனுக்கு வருவார்கள், உள்பரிசோதனை என்றதும் உடம்பு நடுங்கும், கால்களை இறுக்கிக்கொள்வார்கள். சிறு வயதிலோ பிறகோ அத்துமீறலுக்கு ஆளானவர்களில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. கணவனுக்கே தெரியாத ரகசியமாக அது இருக்கலாம். அதை அவன் தோண்டிக் கேட்க வேண்டியதில்லை. டாக்டரிடம் அவள் தனியாகப் பேசப் பத்து நிமிடம் ஏற்பாடு செய்துகொடுத்தால் போதும்.

திட்டுவார்கள் என்ற பயத்தை வெறும் கற்பனை என்று தள்ள எனக்கு மனமில்லை. லேபர் வார்டில் பெண்கள் மரியாதைக் குறைவாக நடத்தப்படுவது உலகெங்கும் நடப்பதால்தான் 2014-ல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கண்டித்துத் தனி அறிக்கையே வெளியிட்டது. இந்திய அரசு 2017-ல் தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டத்தில் பிரசவ அறையின் தரத்தோடு தாயை மரியாதையாக நடத்துவதும் ஓர் அம்சம். எல்லா இடத்திலும் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெயரைக் கேள்விப்பட்டே பயந்துகொண்டிருப்பதைவிட, செக்கப்புக்குப் போகும் நாளில் லேபர் வார்டை ஒருமுறை பார்க்க அனுமதி கேட்கலாம். எந்தக் கதவு, எந்தக் கட்டில், கழிப்பறை எங்கே, அங்கே வேலை செய்யும் சிஸ்டர் முகம் எப்படி என்று கண்ணால் பார்த்த இடம் ராத்திரிக் கனவில் அத்தனை பெரிதாகத் தெரியாது. சங்கரன்கோவில் பெண்ணை அவள் அம்மா அப்படித்தான் அழைத்துப் போனாள். வாசலில் இருந்த ஆயாவின் ஊர் இவர்களுக்குப் பக்கத்து ஊர் என்று தெரியவந்ததில் பாதி பயம் போனது. எல்லோருக்கும் அப்படி ஒரு ஆயா கிடைப்பார் என்று உத்தரவாதமில்லை.

வலியைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அத்தை சொன்ன ‘ரெண்டு நாள் வலி’யைக் கேட்டால், நாற்பத்தெட்டு மணி நேரமும் விடாமல் வலித்தது என்று தோன்றும். பிரசவ வலி அப்படி வருவதில்லை. விட்டுவிட்டு வரும். வேகம் பிடித்த பிறகும் பத்து நிமிடத்தில் மூன்று முதல் ஐந்து முறை, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடமோ ஒரு நிமிடமோ. நான்கு வலி, ஒவ்வொன்றும் 45 விநாடி என்று வைத்தால் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் வலி, ஏழு நிமிடம் இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் குடிக்கலாம், சாய்ந்துகொள்ளலாம், கண்ணயரும் பெண்களும் உண்டு. முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறக்கும்வரையிலான ஆரம்பக் கட்டம்தான் ஆளாளுக்கு வெகுவாக மாறும், அதற்குக் கால வரம்பு சொல்ல முடியாது. அத்தையின் இரண்டு நாளில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருந்திருக்கும். ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகு முழுதாகத் திறப்பதற்கு முதல் பிரசவத்தில் வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் வலி குறையாது. முடிவு தெரியாத வலி என்ற எண்ணம் குறையும். வலி வரும்போது மூச்சை அடக்காமல் வாயைத் தளர்த்தி நீளமாக வெளியே விடுவது, தோளை இறக்குவது, இதெல்லாம் இறுக்கத்தைக் குறைக்கும் எளிய வழிகள். இதை லேபர் வார்டில் முதன்முதலாகச் செய்ய முடியாது. தினமும் சூட்டு வலி வரும்போது செய்து பழக வேண்டும். போனில் கணவன் எண்ண, அவள் மூச்சு விட, ஒரு நிமிடப் பயிற்சி. முதல் நாள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். வரட்டும்.

வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி, அதாவது எபிடியூரல், சில மருத்துவமனைகளில் கிடைக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. உங்கள் மருத்துவமனையில் உண்டா, ராத்திரியிலும் மயக்க மருத்துவர் இருப்பாரா, எவ்வளவு ஆகும் என்று ஒன்பதாம் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். ‘முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி’ என்று ஊரில் சொல்வதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நாள்பட்ட முதுகு வலியில் வித்தியாசம் தெரியவில்லை.

சாவு பயத்துக்கு வருவோம். அதைத்தான் ‘வாயைக் கழுவு’ என்று மூடிவைக்கிறோம். 2018-20 ஆண்டுகளுக்கான அரசின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் இறந்த தாய்மார் 54 பேர். சுமார் 1,850 பிறப்புக்கு ஒருவர். ‘இல்லவே இல்லை’ என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள், பக்கத்துத் தெருவில் ஒரு கதை இருக்கும். இந்த எண்ணைச் சொல்லலாம். கூடவே, இறப்புக்குப் பெரிய காரணங்கள் ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமும் என்பதையும், ஒவ்வொரு செக்கப்பிலும் பிரஷர் பார்ப்பதும் ஹீமோகுளோபின் பார்ப்பதும் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் அதற்காகத்தான் என்பதையும் சொல்லலாம். ‘என் பிரஷர் எவ்வளவு, ரத்த அளவு எவ்வளவு’ என்று அவளுக்கே தெரிந்தால், இறந்துபோன யாரோ ஒருத்தியின் கதையிலிருந்து தன் உடம்புக்குத் திரும்பி வருவாள்.

தலைவலி விடாமல் இருப்பது, கண் மங்கலாகத் தெரிவது, ரத்தம் படுவது, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, இவை பயம் அல்ல, அறிகுறிகள். இவற்றுக்கு ‘ஒண்ணும் ஆகாது’ என்று யாரும் சொல்லக்கூடாது. எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், வண்டி இல்லையென்றால் 108. சூட்டு வலியா, நிஜ வலியா என்ற குழப்பம் தனி. படுத்தால், நடந்தால் அடங்கிவிடுவது சூட்டு வலி. எது செய்தாலும் அடங்காமல், இடைவெளி சுருங்கிச் சுருங்கி, முதுகிலிருந்து முன்னால் சுற்றிவருவது நிஜம். சந்தேகம் இருந்தால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் வெட்கமில்லை. லேபர் வார்டில் அது தினமும் நடப்பது.

இனி ஓசூரில் இருப்பவன். அவள் பட்டியலைக் கேட்ட அந்த ராத்திரி அவன் தூங்கவில்லை. அவனுடைய அத்தை ஒருத்தி பிரசவத்தில் இறந்தவள். அதை அவன் மனைவியிடம் சொன்னதே இல்லை. ‘ஒண்ணும் ஆகாது’ என்று அவன் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது பாதி அவளுக்கு, பாதி தனக்கு. ஸ்வீடனில் அப்பா ஆகப்போகும் ஆண்களிடம் நடத்திய ஓர் ஆய்வில் சுமார் 13 சதவீதம் பேருக்குக் கடும் பிரசவ பயம் இருந்தது. நம் ஊரில் ஆணிடம் இதை யார் கேட்கிறார்கள்?

தமிழ் சினிமாவுக்கு இதில் பங்குண்டு. டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கி, ‘பெரிய உயிரா, சின்ன உயிரா, சீக்கிரம் சொல்லுங்க’ என்று கேட்கும் காட்சி நம் ஆண்கள் மனதில் ஊறிப்போய்விட்டது. நிஜத்தில் எந்த மகப்பேறு மருத்துவரும் அப்படிக் கேட்பதில்லை. தாயின் உயிருக்குத்தான் முதலிடம், அதில் வாக்கெடுப்பு கிடையாது. கையெழுத்து விஷயமும் அப்படித்தான். நினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணின் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதம்தான் சம்மதம், உறவினர் தருவது அதற்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் ஒரு வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. மருத்துவமனைகள் கணவனிடமும் கையெழுத்து வாங்குவது வழக்கம். ஆனால் ஓர் உயிரைத் தேர்ந்தெடுக்கும் பாரம் அவன் தலையில் இல்லை.

அவன் தன் பயத்தை அவளிடம் சொல்லலாமா? சொல்லலாம் என்பதுதான் என் கருத்து, ஒரு வரம்போடு. “எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ சொன்னப்புறம்தான் எனக்கும் பேச வருது” என்றால் அவள் தனியாக இல்லை என்று ஆகிறது. அத்தை எப்படி இறந்தாள் என்ற கதையை முப்பத்தாறாவது வாரத்தில் ராத்திரி பத்து மணிக்குச் சொல்லக் கூடாது. பயத்தைப் பகிரலாம், கதையை வேண்டாம். அந்தக் கதையைக் கேட்க அண்ணனோ நண்பனோ இருப்பான். இவன் தன் அப்பாவிடம் கேட்டிருக்கிறான். அத்தைக்கு வீட்டில் பிரசவம், பிரஷர் யாரும் பார்த்ததில்லை, வலிப்பு வந்த பிறகுதான் வண்டி தேடியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் மனைவியிடம், “உன் கார்டுல பிரஷர் எவ்வளவு எழுதியிருக்கு? போட்டோ எடுத்து அனுப்பு” என்றான். 110/70.

கணவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பல பெண்கள் விரும்புகிறார்கள். நடைமுறை வேறு. பிரசவத்தின்போது கூட ஒருவர் தொடர்ந்து இருந்தால் அறுவை குறைகிறது, நேரம் குறைகிறது, பிற்பாடு கசப்பான நினைவும் குறைகிறது என்பது 17 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் உறவுக்காரப் பெண் ஒருவரை உடன் இருக்க விடும் திட்டம் 2004-லேயே வந்தது. அரசு மருத்துவமனைகளில் பல பெண்கள் ஒரே அறையில் இருப்பதால் கணவன் வெளியேதான். மற்றவர்களின் மறைவுக்கு வசதி உள்ள இடத்தில் கணவனையும் விடலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. சில தனியார் மருத்துவமனைகள் விடுகின்றன. இதையும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அப்படியானால் உள்ளே போவது யார் என்பதைத் தம்பதி இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். அம்மாதான் என்று எல்லோரும் நினைப்பார்கள். மகள் முனகும் முன் அம்மா அழ ஆரம்பித்துவிடுவாள் என்றால் அவள் வெளியே இருப்பது நல்லது. பாசத்தைவிட நிதானம் முக்கியம். சங்கரன்கோவில் பெண் தேர்ந்தெடுத்தது சித்தியை. இரண்டு பிள்ளை பெற்றவர், அதிகம் பேசாதவர். ஓசூரிலிருந்து கணவன் சித்தியிடம் போனில் ஒரு கால் மணி நேரம் பேசினான். “சித்தி, அவளுக்கு உள்ள செக் பண்றதுதான் பெரிய பயம். சொல்லிட்டுப் பார்க்கச் சொல்லி சிஸ்டர்கிட்ட நீங்க கேளுங்க. மூச்சை அடக்கினா தோளைத் தட்டி விடுங்க. மத்தவங்க கத்துறதைப் பத்தி அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்.” லேபர் வார்டுக்குள் போக முடியாத ஒருவன் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிது எனக்குத் தெரியவில்லை. அவள் அவனிடம் பயத்தைப் பிரித்துச் சொல்லியிருக்காவிட்டால் இதுவும் நடந்திருக்காது.

பேச்சு போதாத பயமும் உண்டு. கால் பிடிப்போ நெஞ்செரிச்சலோ இல்லாமலே பல ராத்திரி தூக்கமில்லை, பிரசவக் கனவு கண்டு அலறி எழுவது, செக்கப்புக்குப் போகவே மறுப்பது, திடீரென்று மூச்சு முட்டி நெஞ்சு படபடப்பது, ‘எப்படியாவது ஆபரேஷன் பண்ணிடுங்க’ என்று ஏழாம் மாதத்திலிருந்தே கெஞ்சுவது. முன்பு குழந்தையை இழந்தவர்களுக்கும், முதல் பிரசவத்தில் மிகவும் அடிபட்டவர்களுக்கும் இது அதிகம். இதற்கு டோகோஃபோபியா என்று பெயர், மனநல மருத்துவரோ ஆலோசகரோ பார்க்க வேண்டிய நிலை. முதலில் பிரசவ டாக்டரிடம் ‘இது சாதாரண பயம் இல்லை’ என்று கணவன் சொல்லலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416, எந்நேரமும், தமிழிலும் பேசலாம், செலவில்லை.

அறுவையைக் கேட்பவளைச் சோம்பேறி என்றோ வலி தாங்காதவள் என்றோ பேசுவது வேண்டாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2011-லிருந்து சொல்வது இது: பயத்தால் சிசேரியன் கேட்கும் பெண்ணுக்கு முதலில் மனநல உதவி அளியுங்கள், எல்லாம் விளக்கிய பிறகும் அவள் கேட்டால் கொடுங்கள். நம் நிலைமை வேறு மாதிரி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே இங்கே ஒன்பதாம் மாதத் தம்பதி ‘நார்மல் ஆகாவிட்டால்?’ என்பதையும் பேசித்தான் வைக்க வேண்டும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டால், கடைசி நிமிடத்தில் வரும் அறுவை தோல்வியாகத் தெரியும்.

சங்கரன்கோவில் பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. முப்பத்தொன்பதாவது வாரத்தில் அதிகாலை வலி வந்தது. இவன் பஸ் பிடித்துப் புறப்பட்டான். சித்தி உள்ளே இருந்தார், சிஸ்டரிடம் சொன்னார், முதல் பரிசோதனை அவள் நினைத்திருந்த அளவுக்கு இல்லை. சாயங்காலம் ஏழு சென்டிமீட்டரில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கியதும் அறுவை செய்தார்கள். பெண் குழந்தை, 2 கிலோ 900. ‘நான் பயந்ததாலதான் இப்படி ஆச்சா?’ என்று மூன்றாம் நாள் அவள் அவனைக் கேட்டாள். அவனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடமே அதைக் கேட்கச் சொன்னான். கொடி அழுந்தியதால் துடிப்பு குறைந்தது, பயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். அறுவையின் காரணத்தை டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக எழுதித் தரும்படி இவன் கேட்டு வாங்கினான். அடுத்த குழந்தைக்கு நார்மலுக்கு முயலலாமா என்று இன்னொரு டாக்டர் முடிவு செய்யும்போது முதலில் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். அந்தச் சீட்டின் போட்டோ இப்போது இரண்டு பேர் போனிலும் இருக்கிறது.